அப்பா குரலில் ஒரு ராத்திரிக் கதை: எழுதுவதும் பதிவு செய்வதும்

இந்த மாதப் பாடத்தில் ஒரு சின்ன வேலை. நாலு வயசுப் பிள்ளை தூங்கப் போகும்போது கேட்பதற்காக, அதன் அப்பா வாசித்துக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யும் கதை ஒன்றை எழுதப் போகிறோம். அப்பாவுக்கு ராத்திரி ஏழு மணிக்கு ஷிஃப்ட். பிள்ளை ஒன்பது மணிக்குத் தூங்கும். தொழிற்சாலை வேலை பார்க்கும் நம் வீடுகளில் இது சாதாரணம். "நீதான் படிச்ச பிள்ளையாச்சே, ஒரு கதை எழுதிக் கொடு" என்று அண்ணனோ மாமாவோ நம்மிடம்தான் வந்து கேட்பார்கள்.

கதை நமக்குத் தெரிந்ததுதான்: சாங் கன்சில். குட்டிச் சருகுமானுக்கு ஆற்றைக் கடக்க வேண்டும், ஆற்றில் முதலைகள். "ராஜா உங்களுக்கு விருந்து வைக்கிறார், எத்தனை பேர் என்று எண்ணணும்" என்று சொல்லி, முதலைகளை வரிசையாக நிற்க வைத்து, முதுகில் மிதித்துக்கொண்டே அக்கரைக்குப் போய்விடும். பேசுபவர்கள் மூன்றே பேர்: கதைசொல்லி, கன்சில், ஒரு பெரிய முதலை. மற்ற முதலைகள் வாய் திறக்கக் கூடாது. படம் இல்லாமல் காதால் மட்டும் கேட்கும் பிள்ளைக்கு நாலாவது குரல் வந்தால் குழப்பம். வாசிப்பவருக்கும் அப்படித்தான்.

குரல் வித்தியாசத்தைச் சொல்லிலேயே வையுங்கள்

முதலை என்றதும் எல்லாரும் செய்வது ஒன்றுதான்: தொண்டையை அழுத்தி உறுமுவது. இதில் இரண்டு சிக்கல். முதல் சிக்கல், நாலு வரி உறுமினால் அப்பாவுக்கு இருமல் வந்துவிடும். இரண்டாவது, கைத்தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கி. ஆண் குரலின் அடிச்சுருதி ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அவ்வளவு தாழ்ந்த ஒலியை அந்தச் சின்ன ஒலிபெருக்கியால் சரியாக வெளியே தள்ள முடியாது. சுருதியைக் காது எப்படியோ கண்டுபிடித்துக்கொள்ளும், ஆனால் குரலின் கனம் போய்விடும். பக்கத்தில் நின்று கேட்டபோது பயங்கரமாக இருந்த முதலை, பிள்ளையின் தலைமாட்டில் சளி பிடித்த அப்பாவாக மாறிவிடும்.

அதனால் வித்தியாசம் எழுத்திலேயே இருக்க வேண்டும். தமிழில் இதற்கு ஒரு வசதி இருக்கிறது. நாம் பேசுவது ஒரு தமிழ், எழுதுவது இன்னொரு தமிழ். முதலைக்கு எழுத்துத் தமிழைக் கொடுங்கள்: "யார் அங்கே? என் ஆற்றில் கல் எறிந்தது யார்?" கன்சிலுக்கு வீட்டுத் தமிழ்: "நான்தான் முதலையாரே! கோவிச்சுக்காதீங்க, சரியா?" ஒருவர் ஆற்றுக்கே சொந்தக்காரர் மாதிரி பேசுகிறார், இன்னொருவர் துறுதுறு என்று பேசுகிறார். அப்பா குரலை மாற்றாமலே வாசித்தாலும் யார் பேசுவது என்று தெரியும்.

இதோடு ஆளுக்கு ஒரு அடையாளச் சொல் வையுங்கள். முதலை ஒவ்வொரு முறையும் "ம்ம்ம்..." என்று தொடங்கும். கன்சில் "சரியா?" என்று முடிக்கும். முதலையின் அடையாளம் தொடக்கத்தில் வருவதால், முதல் ஒலியிலேயே பிள்ளைக்கு ஆள் தெரிந்துவிடும். கன்சிலின் அடையாளம் கடைசியில் வருவதால், அது பேசும் முன் "கன்சில் சொல்லுச்சு" என்று கதைசொல்லி ஒருமுறையாவது அறிவிக்க வேண்டும்.

கதைசொல்லிக்கு வேஷம் வேண்டாம். அது அப்பாவின் சொந்தக் குரல், அப்பா வீட்டில் பேசும் பேச்சு. "சருகுமான் ஆற்றங்கரைக்குச் சென்றது" என்று எழுதினால் அவர் வானொலிச் செய்தி வாசிப்பது போல வாசிப்பார். "போச்சு" என்று எழுதுங்கள். பிள்ளை தேடுவது அந்தக் குரலைத்தானே.

பிரதி

ஒரு சாய்கோடு என்றால் ஒரு மூச்சு. இரண்டு சாய்கோடு என்றால் மனசுக்குள் மூன்று எண்ணும் அளவு நிறுத்தம். எப்படி வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு வரிக்கு முன்னால்தான் வர வேண்டும். வரி முடிந்த பிறகு "மெதுவாக" என்று பார்த்து என்ன பயன்?

அப்பா: பாப்பா, படுத்துட்டியா? / அப்பா ஒரு கதை சொல்றேன். // ஒரு காட்டுல ஒரு ஆறு ஓடுச்சு. / இந்தக் கரையில ஒரு குட்டிச் சருகுமான். / அது பேரு கன்சில். // அந்தக் கரையில ஒரு ஜம்பு மரம். / மரம் நிறைய செவப்பு செவப்பா ஜம்பு. / கன்சிலுக்குப் பசி. / ஆனா ஆத்துல யாரு இருக்கா? // முதலை! / கன்சில் ஒரு சின்னக் கல்லை எடுத்து, / தண்ணியில போட்டுச்சு. / ப்ளக். //

முதலை: (மெதுவாக) ம்ம்ம்... / யார் அங்கே? / என் ஆற்றில் கல் எறிந்தது யார்? //

அப்பா: கன்சில் சொல்லுச்சு, /

கன்சில்: (சிரித்தபடி) நான்தான் முதலையாரே! / நல்ல சேதி கொண்டு வந்திருக்கேன். / ராஜா உங்களுக்கு விருந்து வைக்கிறாரு, சரியா? //

முதலை: (மெதுவாக) ம்ம்ம்... / விருந்தா? / எத்தனை பேருக்கு விருந்து? //

கன்சில்: (வேகமாக) அதைத்தான் எண்ணணும்! / எல்லாரும் இந்தக் கரையிலேருந்து அந்தக் கரை வரைக்கும் / வரிசையா நில்லுங்க, சரியா? //

அப்பா: முதலைங்க வரிசையா நின்னுச்சுங்க. / கன்சில் முதல் முதுகுல ஏறுச்சு. /

கன்சில்: (தாவித் தாவி) ஒண்ணு! / ரெண்டு! / மூணு! / நாலு! / அஞ்சு! //

அப்பா: ஒரே தாவு. / அந்தக் கரை வந்துடுச்சு! //

முதலை: (மெதுவாக) ம்ம்ம்... / விருந்து எங்கே? //

கன்சில்: விருந்து எனக்குத்தான் முதலையாரே! / ஜம்பு விருந்து. / வழி விட்டதுக்கு நன்றி, சரியா? //

முதலை: (இன்னும் மெதுவாக, கொட்டாவியோடு) ம்ம்ம்... / பரவாயில்லை. / எனக்கும் தூக்கம் வருகிறது. //

அப்பா: (இங்கிருந்து குரல் தணிந்து) கன்சில் ஜம்பு சாப்பிட்டுச்சு. / வயிறு நெறைஞ்சுச்சு. / மரத்தடியில, காஞ்ச இலை மேல படுத்துக்கிச்சு. // ஆத்துல முதலைங்க ஒண்ணு ஒண்ணா தண்ணிக்குள்ள போச்சுங்க. // அஞ்சாவது முதலை... போயிடுச்சு. // நாலாவது முதலை... போயிடுச்சு. // மூணாவது... // ரெண்டாவது... // அந்தப் பெரிய முதலையும்... போயிடுச்சு. // ஆறு அமைதியா இருக்கு. // கன்சில் தூங்கிடுச்சு. // நீயும் தூங்கு பாப்பா. / அப்பா வேலை முடிஞ்சு, / காலையில வந்துடுறேன்.

கதையின் வால்

சாங் கன்சில் கதை வழக்கமாக முதலை ஏமாந்த இடத்திலேயே முடிந்துவிடும். பகலில் சொல்ல அது சரி. படுக்கையில் அதுதான் பிரச்சனை. சிரிப்பும் துள்ளலும் உச்சத்தில் இருக்கும்போது கதை நின்றால் பிள்ளை எழுந்து உட்கார்ந்து "இன்னொருவாட்டி!" என்று கேட்கும். அதனால் உச்சத்துக்குப் பிறகு ஒரு வால் எழுதினோம். முன்பு துள்ளலாக வந்த எண்ணிக்கை இங்கே பின்னோக்கி, மெதுவாக வருகிறது. புதுச் செய்தி எதுவும் இல்லை, கேள்வியும் இல்லை. வரிகள் சுருங்குகின்றன, நிறுத்தங்கள் நீள்கின்றன. முதலை கோபப்படாமல் கொட்டாவி விட்டதற்கும் இதுதான் காரணம். கோபமான முதலை ஆற்றில் இருக்கும்போது கதையை முடித்தால், விளக்கை அணைத்த பிறகு அது பிள்ளையின் கட்டிலடிக்கு வந்துவிடும்.

வாசிப்பும் பதிவும்

முதலைக்குத் தொண்டையை அழுத்தாமல் உதட்டைக் கொஞ்சம் குவிக்கச் சொல்லுங்கள். தொண்டையிலிருந்து உதடு வரை இருப்பது ஒரு குழாய். உதட்டைக் குவித்தால் குழாய் நீள்கிறது, குரல் தடித்துக் கேட்கும். கன்சிலுக்குப் புன்னகையோடு வாசிக்கச் சொல்லுங்கள். உதடு பின்னால் இழுபட்டுக் குழாய் குறுகும், குரல் வெளிச்சமாகும். சுருதியை ரொம்ப ஏற்ற வேண்டாம். கீச்சுக் குரலை மூன்று நிமிடம் தாக்குப்பிடிக்க முடியாது, போகப் போக இறங்கி அப்பாவின் குரலோடு கலந்துவிடும்.

இடம், வீட்டில் துணி அதிகமாக இருக்கும் அறை. படுக்கையறையில் திறந்த துணி அலமாரிக்கு முன்னால் உட்காரலாம். ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு "ணங்" என்று இழுத்தால் எதிரொலி இருக்கிறது, வேறு இடம் பாருங்கள். காற்றாடியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிடுங்கள். கைத்தொலைபேசியை விமானப் பயன்முறையில் போடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது முதலையில் யாராவது அழைப்பார்கள்.

வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் ஒரு சாண் தூரம் போதும். நேர் எதிரே வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். நேராக வைத்தால் "பாப்பா", "ப்ளக்" என்ற இடங்களில் "ப"வின் காற்று மோதி "டப்" என்று கேட்கும். பதிவில் அந்த "டப்" வந்தால் தூரத்தை மாற்ற வேண்டாம், கோணத்தை மாற்றுங்கள்.

தப்பு வந்தால் பதிவை நிறுத்தாதீர்கள். இரண்டு விநாடி பேசாமல் இருந்து, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசித்தால் போதும், பிறகு வெட்டிவிடலாம். கடைசிப் பகுதியில் குரல் தணிய வேண்டும், ஆனால் வெறும் காற்றாகக் கிசுகிசுக்கக் கூடாது. பிள்ளை குறைந்த ஒலியளவில் கேட்கும்போது கிசுகிசுப்பு காணாமல் போய்விடும். உடனே பாட்டி ஒலியைக் கூட்டுவார், அடுத்த முறை கதை தொடக்கத்திலேயே வீடு அதிரும்.

சரிபார்ப்பு

பதிவுக்கு முன் ஒன்று, பின் ஒன்று. முன்னால், பெயர்களை மறைத்துவிட்டு வரிகளை மட்டும் தங்கையிடம் வாசித்துக் காட்டுங்கள், குரல் மாற்றாமல். யார் பேசுவது என்று அவள் எந்த வரியில் தடுமாறுகிறாளோ அந்த வரியைத் திருத்துங்கள். பின்னால், பதிவைக் காதொலிப்பானில் கேட்காதீர்கள். பிள்ளை கேட்கப்போகும் அதே தொலைபேசியில், விளக்கை அணைத்து, கட்டிலில் படுத்துக் கேளுங்கள். முதலையின் முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நீங்கள் ஒரே ஒலியளவில் இருக்க முடிந்தால் வேலை முடிந்தது.

பயிற்சிக்கு, பஞ்சதந்திரத்தில் நாவல் மரத்துக் குரங்கும் முதலையும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்கு எழுத்துத் தமிழ், யாருக்கு வீட்டுத் தமிழ் என்று முதலில் முடிவு பண்ணுங்கள். அந்தக் கதையில் முதலை நண்பனாக வந்து பிறகு துரோகியாக மாறுகிறது. மாறும் இடத்தில் அதன் பேச்சும் மாற வேண்டுமா? எழுதிப் பார்த்து அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள்.