சொல்லின் வகையறிதல்: பெயர், வினை, பெயரடை

பின்வரும் பத்தியைப் படிக்க.

சென்னையிலிருந்து வந்த தொடர்வண்டி தில்லி நிலையத்தில் நின்றது. பெரிய பெட்டியுடன் பாட்டி வந்தார். வந்தவரை மலர் வணங்கினாள். பாட்டியின் வருகை அனைவருக்கும் மகிழ்ச்சி தந்தது.

தடித்த எழுத்திலுள்ள சொற்களை வகைப்படுத்திய கபிலன், 'வந்த', 'வந்தார்', 'வந்தவரை' ஆகிய மூன்றையும் வினைச்சொற்கள் என எழுதினான். "மூன்றும் இறந்தகாலம் காட்டுகின்றன" என்பது அவன் கூறிய காரணம். காலம் காட்டுகின்றன என்பது உண்மையே. ஆயினும் அக்காரணம் மட்டும் போதாது. அச்சொல் தொடரில் என்ன பணி செய்கிறது என்பதையும் நோக்குதல் வேண்டும்.

வந்தார்: இச்சொல் காலம் காட்டுகிறது, 'ஆர்' என்னும் விகுதி பெற்றுத் தொடரை முடிக்கிறது. எனவே இது வினைமுற்று.

வந்தவரை: இதில் 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு உள்ளது. வினைமுற்று வேற்றுமை உருபை ஏற்காது, பெயரே ஏற்கும். 'வந்தவர்' என்பது வருதலாகிய தொழிலைக் குறிக்காமல், அத்தொழிலைச் செய்தவரைக் குறிக்கிறது. எனவே இது வினையாலணையும் பெயர்.

வருகை: இதுவும் 'வருகையை', 'வருகையால்' என உருபேற்கும், ஆனால் காலம் காட்டாது. தொழிலுக்கே பெயராய் நிற்பதால் இது தொழிற்பெயர்.

வந்த: 'சென்னையிலிருந்து வந்த' என்று நிறுத்தினால் பொருள் முடிவதில்லை, 'எது?' என்னும் வினா எழுகிறது. 'தொடர்வண்டி' என்னும் பெயர் வந்த பின்னரே பொருள் நிறைவுறுகிறது. எனவே இது பெயரெச்சம். இது வினையின் ஒரு வகையே. எனினும் பெயரை விளக்குவதால் தொடரில் பெயரடைபோல் நிற்கிறது.

பெரிய: இதுவும் பின்வரும் பெயரை விளக்குகிறது, ஆனால் காலத்தை வெளிப்படையாகக் காட்டவில்லை. எனவே இது பெயரடை. இந்தியில் 'படா', 'படீ' எனப் பெயரின் பாலுக்கேற்ப அடை மாறும். தமிழில் அவ்வாறு மாறாது: பெரிய அண்ணன், பெரிய அக்காள்.

கருத்தில் கொள்க: 'வந்தார்' எங்கும் வினைமுற்றே என்று மனப்பாடம் செய்தல் கூடாது. 'வந்தாரை வரவேற்றனர்' என்னும் தொடரில் அது உருபேற்றுள்ளது. ஆதலால் அங்கு அது வினையாலணையும் பெயர். தனிச்சொல்லைப் பார்த்து விடை எழுதாமல், தொடரைப் பார்த்து எழுதுக.

பயிற்சி

பின்வரும் பத்தியில் தடித்த எழுத்திலுள்ள சொற்களின் வகையை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் தருக.

பள்ளி விழாவில் தங்கை இனிய பாடலைப் பாடினாள். அவள் பாடிய பாடலை அனைவரும் கேட்டனர். பாடியவளுக்குத் தலைமையாசிரியர் பரிசு வழங்கினார்.

மாதிரி விடை: பாடியவளுக்கு – வினையாலணையும் பெயர். காரணம்: பாடுதலைச் செய்தவளைக் குறிக்கிறது, 'கு' என்னும் நான்காம் வேற்றுமை உருபை ஏற்றுள்ளது.