கன மீட்டர் கணக்கில் வராத செலவு

பத்து மாடி அலுவலகத்துக்கு எந்த ஸ்ட்ரக்சர் மலிவு என்று கேட்டால், பல மதிப்புப் பொறியியல் அறிக்கைகள் கான்கிரீட், கம்பி, சென்ட்ரிங் மூன்றையும் கூட்டி விடை சொல்லிவிடுகின்றன. அறிக்கை தடம் புரள்வது அங்கேதான் என்பது என் அனுபவம். ஒரே பயனைத் தரும் முழுக் கட்டடங்களைத்தான் ஒப்பிட வேண்டும். சென்னைக் கடலோரத்தில் 40 மீட்டருக்கு 32 மீட்டர் கட்டடம், தூண்களுக்கிடையே 8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பீம்-ஸ்லாபில் பீம் சுமார் 600 மி.மீ. ஆழம், ஏசி டக்ட் அதற்கும் கீழே போகும். போஸ்ட் டென்ஷன் செய்த ஃபிளாட் ஸ்லாப் 200 மி.மீ.யை ஒட்டி நிற்கும். அதில் ஒரு மாடிக்கு 300 மி.மீ. உயரம் மிச்சமானால், பத்து மாடிக்கு 3 மீட்டர். சுற்றளவு 144 மீட்டர் என்பதால் 432 சதுர மீட்டர் வெளிச்சுவர் குறைகிறது. கன மீட்டர் விலைப்பட்டியலில் இந்த மிச்சம் தெரியாது.

ஆனால் வரவை மட்டும் எழுதினால் அது ஒருதலைப் பட்சம். பீம் இல்லாத ஃபிளாட் ஸ்லாப், நிலநடுக்க விசையைச் சட்டகமாக நின்று தாங்காது. அந்த வேலையை ஷியர் வால்கள் செய்ய வேண்டும். அவற்றின் செலவு அதே பத்தியில் ஏற வேண்டும். கவரும் அப்படியே. IS 456 கடலோரச் சூழலைக் கடுமையானது என வகைப்படுத்தி M30 கான்கிரீட்டும் 45 மி.மீ. கவரும் கேட்கிறது. காற்றுக்குத் திறந்த வெளிவிளிம்பு ஸ்லாபுக்கு 20 மி.மீ. கவர் போட்டு விலை பார்த்தால், கம்பியின் பயனுறு ஆழத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கை, அது இல்லாதபோதும் இருப்பதாகக் காட்டியிருக்கிறோம் என்று அர்த்தம். மெல்லிய ஸ்லாப் அந்த ஏமாற்றில்தான் அதிகம் ஜெயிக்கிறது.

“தட்டையான அடிப்பாகம், சென்ட்ரிங் வேகமாக நகரும், அதுவே போதாதா?” என்பார்கள். நகரும், ஆனால் கேபிளை இழுக்க கான்கிரீட் தேவையான வலிமையை எட்டியிருக்க வேண்டும், ஜாக் குழு குறித்த நாளில் வர வேண்டும், டக்டுக்குள் கிரவுட் முழுதாக நிரம்ப வேண்டும். கிரவுட்டில் வெற்றிடம் விட்டால் துரு அங்கே தொடங்கும், வெளியே தெரியாது. பின்னாளில் வாடகைதாரர் ஸ்லாபில் துளை போட்டால் கேபிள் அறுபடும் ஆபத்தும் உண்டு. இவற்றை அட்டவணையில் ‘கட்ட எளிது: 8/10’ என்று சுருக்கினால் ஒன்றும் விளங்காது.

மதிப்பெண்ணே அகவயமானது என்ற ஆட்சேபமும் நியாயம்தான். அதற்கு இரண்டு வழி: விலை வருமுன் செலவு, ஆயுள், கட்டுமான எளிமை மூன்றுக்கும் எடையை உரிமையாளரோடு எழுதி முடிவு செய்யுங்கள், பிறகு ஒவ்வொரு எடையையும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். சின்ன மாற்றத்திலேயே முதலிடம் கைமாறினால், வென்றவர் யாருமில்லை என்று எழுதுங்கள். பரிந்துரையோடு, எந்த விலை எவ்வளவு மாறினால் அது தலைகீழாகும் என்பதையும் சேர்த்தால்தான் உரிமையாளர் முடிவெடுக்க முடியும்.