டப் போகவில்லை, கிளாம்ப்தான்!

"மெஷினுக்கு அடியில தண்ணி வருதா? டப் போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க." அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இந்தத் தீர்ப்பைச் சொல்லாத ஆளே இல்லை. எரிச்சல் என்னவென்றால், தண்ணீர் எப்போது வருகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

முன்பக்கக் கதவு மெஷினில் டப்பின் சீல் இருப்பது பின்பக்க நடுவில், டிரம்மைச் சுழற்றும் அச்சைச் சுற்றி. தண்ணீர் நிரம்பும்போது டப்பின் அடிப்பாகம்தான் நனையும். நீர்மட்டம் அந்த அச்சு வரை ஏறாது. சீல் போயிருந்தால் டிரம் சுற்றும்போதுதான் ஒழுகும், பின்னால் துருக்கறை தெரியும், பிழியும்போது இரைச்சலும் கிளம்பும். நிரம்பும்போது மட்டும் ஒழுகி, நிரம்பியதும் நின்றுவிட்டால் கோளாறு தண்ணீர் வரும் வழியில் இருக்கிறது. நிரம்பிய பிறகும் சொட்டிக்கொண்டே இருந்தால் டப்புக்குக் கீழே உள்ள ஹோஸையோ, டப்பில் விரிசலையோ சந்தேகிக்கலாம்.

சென்னையில் ஒரு வீட்டில் இப்படித்தான் புது மெஷினுக்கு விலை விசாரிக்கும் வரை போய்விட்டார்கள். கடைசியில் வந்த மெக்கானிக் முதலில் மெஷினை ஓடவிடாமல் குழாயை மட்டும் திறந்தார். பின்பக்க ஹோஸ் காய்ந்தே இருந்தது. குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, மேல்மூடியைக் கழற்றினார். சோப்பு டிரேயில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றி டார்ச் அடித்தார். டிரேயிலிருந்து டப்புக்கு இறங்கும் ரப்பர் ஹோஸின் நுனியில் நீர் கோடாக வழிந்தது. கிளாம்ப் நழுவிக் கிடந்தது. அதை ஏற்றி மாட்டுவதற்கு முன் ஹோஸை விரலால் வளைத்துப் பார்த்தார். கிளாம்ப் உட்கார்ந்த இடத்தை ஒட்டி முடியளவு விரிசல் வாய் பிளந்தது. புது ஹோஸ், புது கிளாம்ப், வேலை முடிந்தது.

விரிசலுக்கு டேப் சுற்றுவது, எம்-சீல் அப்புவது எல்லாம் வீண். மெஷின் அதிரும், ரப்பர் வளையும், ஒட்டியது பிரிந்துவிடும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் ஒழுகல் நிற்கும் என்பதும் கதைதான். குழாய் முனையின் பிளாஸ்டிக் நட்டு உடையும். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை மாற்றுங்கள்.

டிரேயிலிருந்து முன்பக்கமாக வழிந்தால் பவுடர் கட்டிபிடித்திருக்கும். டிரேயை முழுதாக இழுத்துக் கழுவினால் மட்டும் போதாது. அது உட்காரும் கூட்டின் மேற்கூரையில் சிறு துளைகள் உண்டு. உப்புத் தண்ணீர் ஊர்களில் அவை அடைபட்டு, நீர் திசைமாறிப் பீய்ச்சும். பழைய பல்துலக்கியால் தேய்த்தால் திறந்துகொள்ளும். பிரஷர் பம்ப் உள்ள வீடுகளில் குழாயைக் கொஞ்சம் குறைத்து வைத்தும் பார்க்கலாம்.

துவைத்து முடித்ததும் குழாயை மூடும் பழக்கம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? மெஷின் ஓடாதபோதும் குழாய்க்கும் மெஷினுக்கும் இடைப்பட்ட ஹோஸ் முழு அழுத்தத்தில்தான் நிற்கிறது. அது வெடித்தால் தண்ணீர் கீழ்வீட்டுக் கூரை வரை போகும். கை எட்டாதபடி மெஷினுக்குப் பின்னால் குழாய் இருந்தால், பிளம்பரைக் கூப்பிட்டு முதலில் அதைப் பக்கத்துக்கு நகர்த்துங்கள்.