முடி மினுங்குவது பச்சைவெள்ளத்தால் அல்ல

"கடைசியா ஒரு வாளி பச்சைவெள்ளம் ஊத்துங்க, முடி மினுங்கும்." திருவட்டாறில் என்னிடம் தலையரிப்புக்கு மருந்து வாங்க வருகிறவர்கள்கூட இதை எனக்கே சொல்லித் தருகிறார்கள். சுடுவெள்ளத்தில் முடி திறந்துகொள்ளுமாம், பச்சைவெள்ளத்தில் மூடிக்கொள்ளுமாம். இதை இனியாவது விடுங்கள்.

தோலுக்கு வெளியே தெரியும் முடி உயிரற்ற இழை. அதன் மேல் மெல்லிய செதில்கள் ஓட்டுக்கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. தசையோ நரம்போ இல்லாத ஒன்று குளிர்ந்ததும் சுருங்கி மூடுவது எப்படி? எந்தத் தண்ணீர் பட்டாலும் இழை ஊறித் தடிக்கும், செதில்நுனி சற்றுத் தூக்கும். காய்ந்தால் படிந்துவிடும். அதைக் கூடுதலாகத் தூக்கி நிறுத்துவது காரம். அதனால்தான் குளியல் சோப்பைத் தலையில் தேய்க்காதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

"பறளியாற்றில் குளித்தால் மட்டும் மினுங்குகிறதே?" என்பார்கள். ஆமாம், மினுங்கும். மலையிலிருந்து இறங்கும் அந்த வெள்ளத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவு. முங்கி எழும்போது சோப்பும் ஷாம்பும் மிச்சமில்லாமல் போய்விடுகின்றன. பெயரைக் குளிர்ச்சி தட்டிக்கொண்டு போகிறது. உப்புக்கரிக்கும் ஆழ்குழாய்த் தண்ணீரை எவ்வளவு குளிரவைத்து ஊற்றினாலும் அந்த மினுக்கம் வராது. அதிலுள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து பிசுக்காகி இழையில் ஒட்டும். ஒளி சீராகத் திரும்பாது, முடி மங்கும்.

உங்கள் தண்ணீரை நீங்களே சோதிக்கலாம். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் எடுத்து, குளியல் சோப்பைச் சீவி ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்குங்கள். நுரை நின்று அடியில் தண்ணீர் தெளிந்திருந்தால் மென்னீர். நுரை அடங்கி, தயிர் திரிந்ததுபோல் வெள்ளைத் துணுக்குகள் மிதந்தால் குற்றம் தண்ணீரின் கடினத்தில்தான், சூட்டில் இல்லை.

சூட்டுக்கு வேலையே இல்லையா? இரண்டு இடத்தில் உண்டு. தேங்காயெண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழி விடியலில் பச்சைவெள்ளத்தில் எண்ணெய் போகாமல் திட்டுத்திட்டாக நிற்பது அதனால்தான். எண்ணெய் தேய்த்த நாளில் வெதுவெதுப்பாக ஊற்றுங்கள். இரண்டாவது, தலைத்தோல். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் அரிப்பு அந்த நேரத்துக்கு அடங்கும். ஆனால் தோலின் இயற்கை எண்ணெய் கழுவப்பட்டு, வறண்டு, அரிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். முழங்கை பொறுக்கும் சூடு போதும்.

வெதுவெதுப்பான தண்ணீரில் முடி கொட்டாது. குளியலறையில் உதிர்ந்து கிடப்பது பெரும்பாலும் முன்பே வேரிலிருந்து கழன்ற முடி. நரைக்கும் தண்ணீரின் சூட்டுக்கும் தொடர்பில்லை.

கடினநீர் வீட்டுக்காரர்கள் கடைசி வாளிக்கு மழைநீரை எடுங்கள். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, இருந்தும் கூரைத் தண்ணீர் முழுக்க ஓடைக்குப் போகிறது. முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்ததைத் துணி கட்டிய டிரம்மில் பிடியுங்கள். கொசு முட்டையிடாதபடி மூடி இறுக்கமாக இருக்கட்டும்.