ஆடுகளும் பெண்களும்: ஒரு வினைமுற்று கற்றுத் தந்தது

செய்தித்தாளில் துணையாசிரியராகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. மழைக்காலம். மாவட்டச் செய்தியாளர் அனுப்பிய வெள்ளச் செய்தியில் இப்படி ஒரு வரி இருந்தது: "வீடு இடிந்து விழுந்ததில் இரண்டு பெண்களும் பதினைந்து ஆடுகளும் இறந்தன." தலைப்புக்கு எழுத்து எண்ணிக்கொண்டிருந்த அவசரத்தில் அதை அப்படியே விட்டுவிட்டேன். மறுநாள் காலை பதினோரு மணிக்குத் தொலைபேசி வந்தது. பேசியவர் இறந்த பெண்களில் ஒருவருடைய தம்பி. அவர் கோபப்படவில்லை. "சார், எங்க அக்காவ ஆட்டோட சேத்து எழுதிட்டீங்களே" என்று மட்டும் சொன்னார்.

அன்று மாலை நன்னூலை எடுத்துப் பார்த்தேன். திணையும் பாலும் கலந்து வரும்போது ஒரே முடிபு கொடுக்கலாம் என்றும், சிறப்பாலும் மிகுதியாலும் இழிபாலும் அந்த முடிபு அமையும் என்றும் பவணந்தி முனிவர் சொல்லதிகாரத்தில் இடம் தருகிறார். ஆடு பதினைந்து, பெண்கள் இருவர். மிகுதி நோக்கினால் 'இறந்தன' என்பதற்கு இலக்கணத்தில் இடம் உண்டு. சிறப்பு நோக்கினால் 'இறந்தனர்' சரி. இலக்கணம் இரண்டு கதவையும் திறந்து வைத்திருக்கிறது, எந்தக் கதவு வழியாகப் போவது என்பது எழுதுகிறவன் பொறுப்பு. நான் அன்றிலிருந்து இரண்டு கதவையும் விட்டுவிட்டேன். இரண்டு வாக்கியமாகப் பிரித்துவிடுகிறேன்: "வீடு இடிந்து விழுந்ததில் இரண்டு பெண்கள் உயிரிழந்தனர். தொழுவத்தில் இருந்த பதினைந்து ஆடுகளும் மடிந்தன." கூடுதலாக ஒரு வரி இடம் போகும். போகட்டும்.

அதற்குப் பிறகு எழுவாயும் பயனிலையும் எங்கே முரண்டு பிடிக்கின்றன என்று கவனிக்கத் தொடங்கினேன். அஃறிணைப் பன்மையில்தான் பிழை அதிகம். பேச்சில் 'மாடு வந்துச்சு' என்றும் 'மாடுங்க வந்துச்சு' என்றும் ஒரே வினையால் சொல்லிவிடுகிறோம். அந்தப் பழக்கம் எழுத்திலும் வந்து 'மாடுகள் வந்தது' ஆகிவிடுகிறது. எதிர்காலத்தில் இந்தச் சிக்கலே இல்லை, மாடும் வரும், மாடுகளும் வரும். இறந்தகாலத்திலும் நிகழ்காலத்திலும் மட்டும் கண் வைத்தால் போதும். 'கள்' இல்லாமல் 'மாடு வந்தன' என்று எழுதினாலும் சரிதான். பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணம் இதைத்தான் சொல்கிறது. பெயர் சொல்லாத எண்ணிக்கையை அங்கே வினை சொல்லிவிடும்.

தொகுதிப் பெயர்களில் நான் பல ஆண்டு தடுமாறினேன். குழு, அணி, அரசு, காவல்துறை, குடும்பம், கூட்டம் ஆகிய எல்லாவற்றுக்குள்ளும் மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் சொல் அஃறிணை ஒருமை. அதே வெள்ளத்தின்போது வந்த இன்னொரு செய்தியை நகல் எடுத்து வைத்திருந்தேன்:

"சென்னையிலிருந்து வந்த ஏழு பேர் கொண்ட குழு, வெள்ளத்தில் மூழ்கிய வயல்களையும் இடிந்த வீடுகளையும் பார்வையிட்டு, விவசாயிகள், வணிகர்கள், ஊராட்சித் தலைவர்கள் எனப் பலரிடமும் கருத்துக் கேட்டபின் தனது அறிக்கையை ஆட்சியரிடம் அளித்தனர்."

படிக்கும்போது ஓட்டம் தடைபடுவதில்லை. அதனால்தான் பிழை கண்ணில் படாமல் போகிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால், எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே எவ்வளவு வேண்டுமானாலும் அடைக்கலாம். எழுவாய்க்கு முன்னாலேயே 'ஏழு பேர்' இருக்கிறார்கள், நடுவே அடைத்ததில் விவசாயிகள் இருக்கிறார்கள், தலைவர்கள் இருக்கிறார்கள். வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் மனம் ஒரு கூட்டத்தையே பார்த்துவிடுகிறது, கை தானாக 'அளித்தனர்' என்று எழுதிவிடுகிறது.

நான் செய்வது இதுதான். கடைசி வினையில் விரலை வைத்துக்கொண்டு 'யார், எது?' என்று கேட்பேன். பிறகு வேற்றுமை உருபு ஏறாத பெயரைத் தேடி இடப்பக்கம் போவேன். வயல்களை, வீடுகளை, பலரிடம், அறிக்கையை, ஆட்சியரிடம் எல்லாம் உருபு ஏறியவை, அவை எழுவாயாக முடியாது. விவசாயிகளும் வணிகர்களும் தலைவர்களும் 'எனப் பலரிடமும்' என்பதில் அடங்கிவிடுகிறார்கள். 'ஏழு பேர்' என்பது 'கொண்ட' என்பதோடு போய்விடுகிறது. எஞ்சி நிற்பது 'குழு'. அதையும் வினையையும் ஒட்டிப் படித்தால் 'குழு அளித்தனர்'. இப்போது காதே சொல்லிவிடும். பேச்சில் ஐ உருபை விழுங்கி 'குழு மூணு ஊர் பாத்துச்சு' என்போம். அப்படி எழுதியிருந்தால் மட்டும் உருபை நம்ப முடியாது, பொருளைப் பார்க்க வேண்டும்.

திருத்த இரண்டு வழி உண்டு. "குழு தனது அறிக்கையை அளித்தது" என்று முடிக்கலாம், அல்லது "குழுவினர் தங்கள் அறிக்கையை அளித்தனர்" என்று 'இனர்' சேர்த்து மனிதர்களாக்கலாம். எதை எடுப்பது என்பதற்கு நான் செயலைப் பார்ப்பேன். அறிக்கை அளிப்பது, பரிந்துரைப்பது, முடிவெடுப்பது எல்லாம் அமைப்பின் செயல். அங்கே 'குழு அளித்தது' போதும். படகில் ஏறியதும், சேற்றில் நடந்ததும், ஒருவரோடொருவர் கருத்து வேறுபட்டதும் ஆட்களின் செயல், 'குழுவினர்' வேண்டும். காவல்துறை விசாரிக்கிறது, காவல்துறையினர் துரத்திப் பிடித்தனர். எதை எடுத்தாலும் 'தனது', 'தங்கள்' இரண்டையும் மறக்கக் கூடாது. வினையைத் திருத்திவிட்டு 'தங்கள்' என்பதை அப்படியே விட்ட பிரதிகள் என் மேசையில் நிறைய வந்திருக்கின்றன.

ஆறாம் வேற்றுமை இன்னொரு கண்ணி. "முகாம்களில் தங்கியுள்ள மக்களின் எண்ணிக்கை அதிகரித்துள்ளனர்" என்றுகூட வந்திருக்கிறது. அதிகரித்தது எண்ணிக்கை, ஆகவே 'அதிகரித்துள்ளது'. "கோரிக்கைகளில் ஒன்று ஏற்கப்பட்டுள்ளன" என்பதில் ஏழாம் வேற்றுமை இதே வேலையைச் செய்கிறது. நான்காம் வேற்றுமை வேறு விதமாக ஏமாற்றும். "அவருக்கு மூன்று மகள்கள் உள்ளது" என்று எழுதுகிறார்கள். 'அவர்' வாக்கியத்தின் தலையில் நின்றாலும் எழுவாய் மகள்கள்தான். 'உள்ளனர்' என்று இருக்க வேண்டும்.

'அல்லது' வரும் இடத்தில் தமிழ் வினை மிகவும் சங்கடப்படும். ஆங்கிலத்தில் வினைக்கு அருகில் நிற்கும் பெயரைப் பார்த்து முடித்துக்கொள் என்று பாடம் சொல்வார்கள். நம் வினையில் திணை, பால், எண், இடம் நான்கும் ஏறுவதால் அந்த வழி பாதியில் நின்றுவிடுகிறது. "கிடங்கு வாசலில் காவலாளி அல்லது கேமரா இருக்கும்" என்றால் காவலாளி பொருளாகிவிடுகிறார். 'இருப்பார்' என்றால் கேமரா ஆளாகிவிடுகிறது. நீயோ நானோ போவதைச் சொல்லும்போது 'போவோம்' என்றால் இருவரும் சேர்ந்து போவதாக ஆகிவிடும்.

இதற்குத் தமிழே ஒரு வழி வைத்திருக்கிறது. வேண்டும், ஆம், இல்லை, உண்டு போன்ற முடிவுகள் இன்றைய தமிழில் எந்த எழுவாய்க்கும் மாறுவதில்லை. "வாசலில் காவலாளியோ கேமராவோ இருக்க வேண்டும்." "நீயோ நானோ போகலாம்." "தலைமையாசிரியரோ உதவி ஆசிரியர்களோ வரவில்லை." எல்லாம் இடறாமல் நிற்கின்றன. ஆனால் 'வேண்டும்' சேர்த்தால் பொருளில் கட்டாயம் ஏறிவிடும் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நடந்துவிட்டதை உடன்பாடாகச் சொல்லும் வாக்கியத்துக்கு இந்த வழி உதவாது. அங்கே இரண்டு வினை கொடுத்துவிடுவேன்: "காவலாளி பார்த்திருப்பார், இல்லையென்றால் கேமராவில் பதிவாகியிருக்கும்."

அந்தத் தம்பிக்கு மறுநாள் பதிப்பில் திருத்தம் போட்டோம், மூன்றே வரி. அதை நானே எழுதினேன். பெண்கள் இருவருடைய பெயரும் வயதும் முதல் வரியில், 'உயிரிழந்தனர்' என்று முடித்து. ஆடுகளை அதில் சேர்க்கவில்லை.