மலைப்பாதைக்குக் கார் வாங்குகிறவர்கள் ஸ்டெப்னியைப் பாருங்கள்

நீலகிரி ரோடுகளில் டயருக்கு ஆணியைவிடப் பெரிய ஆபத்து, தார் முடிகிற ஓரம். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட ஒதுங்கும்போது சக்கரம் மண்ணில் இறங்கும். திரும்ப ஏறும்போது தாரின் கூர்விளிம்போ கல்லோ டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிடும். தேயிலை எஸ்டேட் ரோடுகளிலும் இதே கதைதான்.

மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் பாதையில் நண்பரின் புதுக் காருக்கு இதுதான் நடந்தது. யானைக் காடு, அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள், பல இடங்களில் போன் சிக்னலும் கிடையாது. பஸ்ஸுக்கு ஒதுங்கியதில் பின்சக்கரத்தின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்குக் கிழிசல். காரில் ஸ்டெப்னி இல்லை. பஞ்சர் கிட் மட்டும்தான். அதிலிருந்த பசையை ஏற்றினோம். கிழிசல் வழியாக அத்தனையும் நுரையாக வெளியே வந்துவிட்டது. என் காரின் ஸ்டெப்னி அவர் காருக்குப் பொருந்தாது. அவர் காரை அங்கேயே விட்டுவிட்டு, அந்த அளவு டயரைத் தேடிச் சமவெளிக்கு இறங்க வேண்டியதாயிற்று.

2020 ஜூலையில் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதிப்படி, டியூப்லெஸ் டயரும் பஞ்சர் கிட்டும் காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் இருந்தால் காரில் ஸ்டெப்னி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கிட் உதவாது என்று சொல்லமாட்டேன். ரோட்டில் படுகிற பகுதியில் ஆணி ஏறிய சின்ன ஓட்டையை அது அடைத்துவிடும். பசையின் காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கவாட்டுக் கிழிசலுக்கு அதனால் பயனில்லை.

ரன்‌ஃபிளாட் டயரின் பக்கவாட்டு தடித்தது. காற்றே இல்லாவிட்டாலும் பொதுவாக 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் சுமார் 80 கிலோமீட்டர் ஓடும். நடுக்காட்டில் இறங்காமல் ஊர் போய்ச் சேர அது போதும். ஆனால் பக்கவாட்டு பெரிதாகக் கிழிந்துவிட்டால் அந்த உத்தரவாதமும் இல்லை. காற்றில்லாமல் ஓடிய டயரைப் பெரும்பாலும் மாற்றத்தான் வேண்டும். அதன் விலையும் அதிகம். வாங்கும் முன்பே, அந்த அளவு கோயம்புத்தூரில் கையிருப்பில் கிடைக்குமா என்று டயர் கடையில் கேட்டுவிடுங்கள்.

என் முதல் தேர்வு மற்ற நான்கு சக்கரங்களின் அளவிலேயே உள்ள ஸ்டெப்னி. மெலிந்த தற்காலிகச் சக்கரம் அடுத்தது. ஊர் சேரும் வரைக்கும்தான் அது. பலவற்றுக்கு 60 பிஎஸ்ஐ காற்று வேண்டும். ஆகவே மாதம் ஒருமுறை ஸ்டெப்னியின் காற்றையும் பார்க்க வேண்டும்.

மலைச் சரிவில் ஜாக்கி சாயும். சமமான இடம் வரை மெல்ல உருட்டிப் போய், ஹேண்ட்பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுங்கள். நட்டுகளைத் தளர்த்திய பிறகுதான் வண்டியைத் தூக்க வேண்டும்.

ஷோரூமில் டிக்கித் தரையைத் தூக்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, வீல் ஸ்பேனர் மூன்றையும் கண்ணால் பார்த்த பிறகு முன்பணம் கட்டுங்கள்.