நாய்களின் இருதயப் புழு நோய்: சிகிச்சைக் காலத்தில் ஓய்வின் அவசியம்

டைரோபைலேரியா இமைட்டிஸ் என்னும் உருளைப்புழு, கொசுக்கடியின் வாயிலாக நாயின் உடலிற் புகுகிறது. இந்தியாவில் அஸ்ஸாம், மிஸோரம் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் இது காணப்படுகிறது. இருதயப் புழு எனப் பெயர் பெற்றிருப்பினும், முதிர்ந்த புழுக்கள் பெரும்பாலும் நுரையீரல் தமனிகளிலேயே வாழ்கின்றன.

ஆன்டிஜன் பரீட்சை, முதிர்ந்த பெண் புழு வெளிவிடும் புரதத்தை நாயின் இரத்தத்தில் கண்டறிகிறது. எனவே, நோய் தொற்றிய முதல் ஐந்தாறு மாதங்களிலும், ஆண் புழுக்கள் மட்டுமே இருக்கும்போதும், புழு இல்லை என்றே முடிவு வரக்கூடும். இரத்தத்தில் நுண்புழுக்களைக் காண்பதும் தனியே போதுமான சான்றன்று. கேரளத்தில் காணப்படும், தோலின் கீழ் வாழும் டைரோபைலேரியா ரீபென்ஸ் என்ற இனமும் நுண்புழுக்களை ஈனுகிறது. ஆகவே இரு பரீட்சைகளையும் செய்தல் நலம்.

நோயின் நிலைகள் நான்கு. முதல் நிலையில் குறிகள் இரா. அல்லது எப்போதேனும் இருமல் காணும். இரண்டாவதில் இருமல் நீடிக்கும். ஓடினால் நாய் விரைவிற் களைப்படையும். மூன்றாவதில் மெலிவும் மூச்சுத் திணறலும் தோன்றும். நான்காவதில் புழுத்திரள் இருதயத்திற்குட் புகுந்து இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். அப்போது அறுவை முறையால் புழுக்களை அகற்றுவதே வழி.

இரண்டாம் நிலையிலுள்ள 20 கிலோ எடையுள்ள நாயொன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் நான்கு வாரங்கள் டாக்ஸிசைக்ளின் கொடுக்கப்படும். மாதந்தோறும் இளம்புழுக்களைக் கொல்லும் மருந்தும் உண்டு. பின்னர் 60, 90, 91ஆம் நாட்களில், ஒவ்வொரு முறையும் 50 மில்லிகிராம் வீதம், மெலார்சோமின் இடுப்புத் தசையில் ஆழமாகச் செலுத்தப்படும்.

இம்மருந்தினால் இறந்த புழுக்கள் உடனே கரைந்து மறைவதில்லை. அவை துண்டு துண்டாகச் சிதைந்து, இரத்த ஓட்டத்துடன் சென்று, நுரையீரலின் சிறு தமனிகளை அடைக்கின்றன. நாய் ஓடும்போது நுரையீரலுக்குச் செல்லும் இரத்தம் பெருகுகிறது; தமனிகளுள் அழுத்தமும் மிகுகிறது. முன்னரே புண்பட்டுள்ள தமனிகள் இதனைத் தாங்கா. ஊசி போட்ட ஏழாம் நாளிலிருந்து நான்காம் வாரம் வரை இவ்வபாயம் மிகுதி. அக்காலத்தில் நாய் சுறுசுறுப்பாகத் தோன்றுவதே உரிமையாளரை ஏமாற்றுகிறது.

ஆதலின், நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்து கடைசி ஊசிக்குப் பின் ஆறு முதல் எட்டு வாரங்கள் வரை ஓய்வு தேவை. மேற்கூறிய நாய்க்கு இது ஏறத்தாழ ஐந்து மாதங்களாகும். கூண்டிலோ சிறு அறையிலோ வைத்து, மலஜலம் கழிக்க மட்டும் வாரிட்டு மெல்ல நடத்திச் செல்லல் வேண்டும். படியேறுதல், குரைத்துத் துள்ளுதல், பிற நாய்களுடன் விளையாடுதல் ஆகியவை கூடா. காய்ச்சல், மிகுந்த இருமல், இருமலில் இரத்தம், மூச்சிரைப்பு, உணவு மறுத்தல் இவற்றுள் எது தோன்றினும் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுக.

கடைசி ஊசிக்கு ஒன்பது மாதங்களுக்குப் பின் மீண்டும் ஆன்டிஜன் பரீட்சை செய்தே நோய் நீங்கியதென முடிவு செய்யப்படும்.